இருவருக்கும் ஒரே கடிகாரம்

என் மனைவி தொண்ணூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்ற அன்று காலை, ஜிம்மில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தட்டினேன். வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த ஜிம்முக்கு அவளைக் கூட்டிப் போனதே நான்தான். மைசூரில் விஜயநகர் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே பன் வேகும் வாசனை, மேலே வியர்வை வாசனை. சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசைத்து ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கு. நான் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் தம்பதிகளுக்கான ஒரு வருட பேக்கேஜ், தனியாள் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சரி, இவளும் வரட்டும், ஓரமாக ட்ரெட்மில்லில் நடக்கட்டும் என்று சேர்த்துவிட்டேன். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்தால் காலை நீட்டி உட்கார்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது மாதமே அவள் ட்ரெட்மில்லை விட்டுவிட்டாள். டிரெய்னர் ஒரு கன்னடப் பையன், எங்கள் மகன் வயது இருக்கும். ஒருநாள் அவளைக் கம்பியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தவன், "மேடம், இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கன்னடத்தில் கேட்டான். "எங்கயும் கத்துக்கலப்பா. படுக்கையில இருக்கற பேஷண்ட்டைத் தூக்கறப்ப முதுகை வளைச்சா நம்ம முதுகு போயிடும். அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு அட்டையில் பயிற்சியை எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்தப் பையன்மேல் எனக்குப் பொறாமை என்று யாராவது நினைத்தால் அது தவறு. எனக்கு அவள்மேல்தான் பொறாமை. எட்டு மாதத்தில் என் தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்கு உள்ளங்கையில் காய்ப்பு வந்தது. காபி தம்ளரை என் கையில் கொடுக்கும்போது அந்தக் காய்ப்பு என் விரலில் உரசும். வேண்டுமென்றேதான் உரசுகிறாளோ என்றுகூடத் தோன்றும். நகரத்தில் இன்னொரு ஜிம் நடத்தும் சிறிய போட்டியில், நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான பிரிவில் ஜிம் ஓனர் அவள் பெயரைக் கொடுத்திருந்தார். நூறு கிலோவைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வாழ்க்கையில் அவள் எனக்கு, பிள்ளைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஆசைப்பட்டுப் பார்த்திருக்கிறேன். தனக்கென்று ஒரு நம்பரைச் சொல்லி ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தொண்ணூறு கிலோ காலையில் கைதட்டல் அடங்கியதும், நான் என் மூலைக்குப் போய்த் தலைக்கு மேல் தூக்கும் கம்பியில் இரண்டு பக்கமும் கூடுதலாக எடைத் தட்டு மாட்டினேன். டிரெய்னர் தூரத்திலிருந்தே கத்தினான்.

"சார், பேடா! அட்டையில இருக்கறது மட்டும் பண்ணுங்க சார்!"

வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? தூக்கினேன். கம்பி நெற்றியைத் தாண்டியதும் இடது தோளில் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு நழுவியது. நான் போட்ட கூச்சல் கீழே பேக்கரி வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். என் மனைவி ஓடிவந்து, யாரையும் தொடவிடாமல், என் கையை நெஞ்சோடு சேர்த்துத் தன் துப்பட்டாவால் கட்டினாள்.

"பழைய தோள்தானே?" என்றாள் மெதுவாக.

பழைய தோள்தான். காலேஜில் பந்து எறியும்போது ஒருமுறை நழுவியது. சேர்ந்த அன்று கொடுத்த உடல்நலப் படிவத்தில், முன்பு அடிபட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. "எழுதிடுங்களேன்" என்று அவள் பக்கத்திலிருந்து சொன்னாள். டிரெய்னர் எதிரில் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் ஓட்டை உடம்புக்காரன் என்று எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. இல்லை என்று டிக் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் தோளை இடத்தில் உட்கார வைத்தார்கள். சில வாரம் கையைக் கட்டித் தொங்கவிட வேண்டும், கூடவே பிசியோதெரபி, மூன்று மாதத்துக்கு எடையைத் தொடவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எங்கள் மெம்பர்ஷிப்பில் மிச்சம் இருந்ததோ நான்கு மாதம். அவள் போட்டிக்கு இருந்தது ஏழு வாரம்.

இரண்டு நாள் கழித்து, அவள் பகல் ட்யூட்டியில் இருக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு நான் தனியாக ஜிம்முக்குப் போனேன். டெஸ்க்கில் இருக்கும் பெண் கொள்ளேகால்காரி. எங்களைப் பார்த்தால் தமிழில்தான் பேசுவாள். அவள் பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கப் பேச்சு மாதிரி இழுவையாக, மரியாதையாக இருக்கும். கோபமாக வந்தவனின் கோபத்தை அது பாதியாகக் குறைத்துவிடும். அதுவே எனக்கு எரிச்சல்.

"பணத்தைத் திருப்பிக் குடுங்கம்மா. எங்க ரெண்டு பேருக்கும் முழுசா" என்றேன்.

அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த அட்டையை என் பக்கம் திருப்பினாள். முன்பெல்லாம் அந்த ஜிம்மின் விதிமுறை பொடி எழுத்து ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருந்தது. எந்தச் சூழ்நிலையிலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று மிரட்டும். அங்கே வந்துகொண்டிருந்த ஒரு வக்கீல், உங்கள் கவனக்குறைவால் ஒருவருக்கு அடிபட்டால் இந்த வரி கோர்ட்டில் உங்களைக் காப்பாற்றாது, ஒழுங்காக எழுதுங்கள் என்று ஓனருக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், பேசுவது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்களில் இந்த அட்டையைத் தயாரித்தார்கள். சேரும்போது இதில்தான் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். என் மனைவி படித்துவிட்டுப் போட்டாள். நான் அவள் போட்டதைப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

"முழுசாத் திருப்பித் தர்றது, சேர்ந்த மொத வாரத்துக்குள்ள, ஒருநாள்கூட உள்ள வராம இருந்தா மட்டும்தானுங்க சார்."

"எனக்கு உங்க ஜிம்முலதான அடிபட்டுச்சு?"

"ஆமாங்க சார். அதுக்கும் இதுல இருக்குதுங்க." அவள் விரலை இரண்டு வரி கீழே நகர்த்தினாள். "மெஷின் உடைஞ்சோ, டிரெய்னர் தப்பாச் சொல்லிக் குடுத்தோ அடிபட்டா அது எங்க பொறுப்பு. நீங்க என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது எங்க பொறுப்புத்தானுங்க. டிரெய்னர் வேண்டாம்னு சொல்லியும் செஞ்சா, இல்லாட்டிப் பழைய அடியை மறைச்சிருந்தா, அது உங்க பொறுப்பு. டிரெய்னர் மேல தப்புன்னா எழுதிக் குடுங்க சார். ஓனர் கேமராவைப் போட்டுப் பாப்பாருங்க."

கேமராவில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அவன் இரண்டு கையையும் ஆட்டிக் கத்துவது தெரியும். நான் அவனை முறைத்துவிட்டுத் தட்டு மாட்டுவதும் தெரியும். "சரி விடும்மா, சின்னப் பையன், பிழைச்சுப் போகட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த மட்டில் நல்ல பெண்.

"உங்களுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க சார்" என்று அவளே தொடர்ந்தாள். "டாக்டர் மூணு மாசம்னு எழுதியிருக்கறதுனால, நீங்க மட்டும் விலகிக்கலாம். அக்காவைத் தனி மெம்பரா மாத்திடுவோம். சேர்க்கைக் கட்டணம் போக, உங்க பங்குல மிச்ச மாசத்துக்கு என்ன வருதோ அதைத் திருப்பிக் குடுத்துருவோம். அக்கா பாட்டுக்கு வந்துட்டுப் போலாம். உங்களுக்கு அதுதான் நல்லதுன்னு எனக்குப் படுது. இன்னொண்ணு, ஃப்ரீஸ். வருசத்துல ரெண்டு மாசம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். நிறுத்துன நாளைக் கடைசியில சேர்த்துக் குடுப்போம். ஆனா உங்களுது ஜோடி பேக்கேஜுங்க."

"அதனால?"

அவள் அந்த வரியைக் கன்னடத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். இருவருக்கும் ஒரே கடிகாரம். ஒருவருக்காக நிறுத்தினால் இருவருக்கும் நிற்கும். நடுவில் இருவரில் ஒருவர் கதவு மெஷினில் விரல் வைத்து உள்ளே வந்தாலும் இருவருக்கும் ஓட ஆரம்பிக்கும். பாதியில் உடைத்த ஃப்ரீஸின் மிச்ச நாள் திரும்பக் கிடைக்காது.

"அக்காவுக்குப் போட்டி வேற இருக்குதுங்களே சார்" என்றாள்.

அதை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை வேறு மாதிரி யோசித்திருப்பேன். இவளுக்கும் அக்காவின் போட்டிதான் முக்கியம். கை கட்டித் தொங்குகிறவன் எதிரில் நிற்கிறேன், என் தோள் எப்படி இருக்கிறது என்று வந்ததிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வீட்டில் தலையணைமேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருக்க, என் மனைவி தினமும் காலையில் கிளம்பிப் போய்க் கைதட்டு வாங்கிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தேன். காதில் புகை வராத குறை.

"ஃப்ரீஸ் பண்ணிடுங்க. ரெண்டு மாசம்" என்றேன்.

இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றாள். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அதை வாசித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உறவுக்காரர்களிடம் தினமும் சம்மதக் கையெழுத்து வாங்குகிறவள். எந்தத் தாளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பாள். வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"வேற வழி எதுவும் சொல்லலையா அவங்க?"

"என்ன சொல்லுவாங்க? ஜிம்முக்காரங்க தானே. காசைத் திருப்பித் தருவாங்களா?" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைச் சொன்னேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். "உங்க தோள் சரியாகட்டும். சேந்தே போலாம்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் நன்றாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். காலையில் அவள் வீட்டில் இருந்தாள். நானும் வீட்டில் இருந்தேன். சர்ச்சில் ஒருத்தர், "என்ன சிஸ்டர், போட்டி எப்போ?" என்று கேட்டபோது, "இந்த வருஷம் இல்ல பிரதர், இவருக்கு முடியல" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தை நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அவள் என்னிடம் சண்டை போடவில்லை. சட்டையில் கையை நுழைத்துவிட்டாள், தலை துவட்டிவிட்டாள், பிசியோ சொன்ன பயிற்சியை நேரம் தவறாமல் செய்யவைத்தாள். எல்லாம் மிகச் சரியாக. "கையைத் தளர்த்துங்க... வலிக்குதா... நல்லது." எனக்கு அந்தக் குரல் தெரியும். டிபன் கேரியர் கொடுக்க அவளுடைய வார்டுக்கு நான் போகும்போது கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத நோயாளிகளிடம் பேசும் குரல் அது. முப்பது வருடத்துக்குப் பக்கத்தில் குடும்பம் நடத்திய பிறகு நான் பெட் நம்பர் ஆகிவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அவள் என் தோளுக்கு எண்ணெய் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. எண்ணெயால் என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாள் எண்ணெய் இல்லாமல் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். அப்போதும் அப்படியே இருந்தது. அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். காய்ப்பு உரிந்து, அந்த இடம் வெளிறி, பழைய கையாக ஆகியிருந்தது.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

எட்டு மாதம் என் விரலில் உரசி எரிச்சல் மூட்டிய அந்தச் சொரசொரப்பு போய்விட்டதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியட் முழுக்க ஒரு கணக்கைத் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எடுத்துச் சொன்னார்கள். பிள்ளைகளைத் திட்டினேன்.

பள்ளி விட்டதும் ஆட்டோ பிடித்து நேரே ஜிம்முக்குப் போனேன். படியேறி, கதவருகில் இருந்த மெஷினில் வலது கை விரலை வைத்தேன். பீப் என்றது. டெஸ்க் பெண் எழுந்தே விட்டாள்.

"சார், ஐயோ, விரல் வச்சுட்டீங்களா? ஃப்ரீஸ் உடைஞ்சுதுங்களே! மிச்ச நாள் திரும்ப வராதுங்க. உங்க ரெண்டு பேருக்கும் நாள் ஓட ஆரம்பிச்சிரும்."

"ஓடட்டும்."

"டாக்டர் சரின்னு எழுதித் தராம நீங்க உள்ள எதையும் தொடக்கூடாதுங்க சார். அதுவும் அட்டையில இருக்குது."

"நான் தொட வரல. உக்கார வந்திருக்கேன்."

பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டேன். "ஃப்ரீஸ் முடிஞ்சுபோச்சு. ஷூவை மாட்டிட்டு வா" என்றேன். அந்தப் பக்கத்தில் ஸ்கூட்டர் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது.

அவள் வந்தாள். என்னிடம் எதுவும் பேசாமல் இடுப்புப் பட்டையைக் கட்டினாள். டிரெய்னருக்கு வாயெல்லாம் பல். லேசான எடையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் தொண்ணூறு வைத்தார்கள். "மேடம், ஆகுத்தே, ஆகுத்தே!" என்று முடியும் முடியும் எனக் கத்தினான். அவள் குனிந்து பிடித்தாள். இழுத்தாள். கம்பி தரையை விட்டு நகரவில்லை. மறுபடியும் இழுத்தாள். நகரவில்லை.

அந்த நொடி என் மனதில் இனித்தது. ஆமாம், இனித்தது. அவளுக்காக ஃப்ரீஸை உடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அதே பெஞ்சில், அவள் தோற்றதைப் பார்த்து எனக்கு இனித்தது. மனிதன் எவ்வளவு திருந்தினாலும் கொஞ்சம் பாக்கி இருக்கும் போல.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். உள்ளங்கை சிவந்து ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

"தனி மெம்பரா மாத்திக்கலாம்னு அந்த அட்டையில இருக்கே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சேர்ந்த அன்னிக்கே படிச்சிருக்கேன்."

"தெரிஞ்சே ஏன் கையெழுத்துப் போட்ட?"

"நீங்களாச் சொல்வீங்களான்னு பாத்தேன்" என்றாள். பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

போட்டியில் அவள் தொண்ணூற்றைந்து தூக்கினாள். நூறை மூன்றாவது வாய்ப்பில் வைத்தார்கள். முழங்கால் வரை வந்து இறங்கிவிட்டது. இடையில் அந்த மூன்று வாரம் போகாமல் இருந்திருந்தால் தூக்கியிருப்பாள் என்று டிரெய்னர் யாரிடமோ சொல்வது எனக்குக் கேட்டது. நான் கேட்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டது. அவளுக்கு ஒரு மெடல் கொடுத்தார்கள். வீட்டில் அதை எங்கே வைத்தாள் என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் வருடம் முடிந்த வாரத்தில் இருவரும் சேர்ந்தே டெஸ்க்குக்குப் போனோம். என் கை சரியாகியிருந்தது. டாக்டர் லெட்டரும் கொண்டு போயிருந்தேன். உடல்நலப் படிவத்தில், முன்பு அடிபட்டதுண்டா என்ற இடத்தில், உண்டு, இடது தோள், இரண்டு முறை என்று டிரெய்னர் பார்க்கும்படியே எழுதினேன். அவள் அதைப் பார்த்துத் தலையசைத்தாள். மனதுக்கு லேசாக இருந்தது.

டெஸ்க் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அதே ஜோடி பேக்கேஜ்தானுங்களே சார்? இந்த வாரம் வரைக்கும் பழைய ரேட்டுத்தானுங்க."

"ஆமாம்மா" என்று நான் சொல்வதற்குள் என் மனைவி பையிலிருந்து தன் ஏடிஎம் கார்டை எடுத்து நீட்டினாள்.

"எனக்குத் தனியாப் போட்டுடும்மா" என்றாள். "அவருக்கு வேணும்னா அவர் எடுத்துப்பாரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தனித்தனியாக எடுத்தால் எவ்வளவு அதிகம் ஆகும் என்று கணக்கு வாத்தியாருக்குச் சொல்லத் தேவையில்லை. நானும் என் கார்டை எடுத்துக் கொடுத்தேன். எனக்கான விதிமுறை அட்டை வந்தது. இந்த முறை முதல் வரியிலிருந்து வாசித்தேன். தனி மெம்பருக்கான அட்டையில் அந்தக் கடிகார வரி இல்லை. நான் வாசித்து முடிப்பதற்குள் அவள் விரல் வைத்து உள்ளே போயிருந்தாள்.